வராத டாலருக்கு ஒரு கடிதம்

திருப்பூரிலிருந்து 1988 மார்ச் 10 அன்று பின்னலாடை கப்பலேறியது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் ஜெர்மனிக்காரர். பில்லின் மதிப்பு 24,000 டாலர். டி.ஏ. 90 நாள் கெடு, அதாவது பில்லை ஏற்றுக் கையெழுத்திட்டுச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம், பணத்தை ஜூன் 8-க்குள் கட்டினால் போதும். ஜூன் 8 வந்தது, பணம் வரவில்லை. துணி தோய்த்ததும் சுருங்குகிறது, 15 சதவீதம் குறைத்தால்தான் தருவேன் என்று வாங்குபவரிடமிருந்து டெலக்ஸ் வந்தது. அப்போதைய விதிப்படி, கப்பலேறிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முழுப் பணமும் இந்தியாவுக்கு வந்துவிட வேண்டும். ஆகவே செப்டம்பர் 10-க்குள் பணம் வர வேண்டும், இல்லாவிட்டால் அவகாசமாவது வாங்கியிருக்க வேண்டும்.

அன்று இதை நினைவில் வைத்திருந்தது காகிதம். சரக்கு போகும்போதே ஜிஆர் படிவம் இரண்டு பிரதிகளாகச் சுங்கத்துக்குப் போகும். மூலப்படி அங்கிருந்து ரிசர்வ் வங்கிக்குச் சேரும். இரண்டாம் படி ஏற்றுமதியாளரிடம் திரும்பி வரும். அதைக் கப்பல் ஆவணங்களோடு 21 நாளுக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். பணம் வந்த பிறகு வங்கி அந்தப் படியில் சான்றெழுதும். அதுவரை பில் நிலுவைதான். கெடு தாண்டிய பில்களை வங்கி ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும், எக்ஸ்ஓஎஸ் என்ற பட்டியலில் ரிசர்வ் வங்கிக்கு அனுப்பும். தன் பில் அந்தப் பட்டியலில் ஏறும் முன்பே இடிஎக்ஸ் படிவத்தையும் ஒரு கடிதத்தையும் வங்கி வழியாக அனுப்பி அவகாசம் கேட்பதுதான் ஏற்றுமதியாளருக்கு நல்லது.

அந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. 1973-ஆம் ஆண்டின் ஃபெரா சட்டப்படி, கெடுவுக்குள் பணம் வரவில்லை என்றால், ஏற்றுமதியாளர் அதைப் பெற நியாயமான முயற்சி எடுக்கவில்லை என்றே அனுமானம். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. தண்டம் தொகையின் 5 மடங்கு வரை போகலாம், குற்ற வழக்கும் வரலாம். அதனால் கடிதம் வழக்குரைஞரின் மனுவைப் போலவே இருந்தது. சரக்கு ஏறிய நாள், ஜிஆர் எண், பில் தொகை, எந்தத் தேதியில் எந்த டெலக்ஸ் அனுப்பினோம், வெளிநாட்டு வங்கி என்ன பதில் சொன்னது, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொன்றும் வரிசையாக வரும். டெலக்ஸ் பிரதிகள் பின்னால் குத்தப்பட்டிருக்கும். அதைக் கொண்டுபோய் நேரில் கொடுத்தவரிடம் அதிகாரி கேட்பார்: “ஏங்க, சுருங்குதுன்னா அந்தத் துணியோட சாம்பிள் அனுப்பச் சொன்னீங்களா?” சொல்லவில்லை என்றால், அன்றே ஒரு டெலக்ஸ் போகும்.

இன்று அதே 24,000 டாலர் சரக்கு, 2026 ஜனவரி 12-இல் ஏறுகிறது. கெடு 6 மாதம் அல்ல. இடையில் 12 மாதமாகவும் 9 மாதமாகவும் மாறி, 2025 நவம்பரில் அது 15 மாதமாக நீண்டது. ஆக 2027 ஏப்ரல் 12 வரை நேரம். 2000 ஜூனில் வந்த ஃபெமா இதைக் குற்றவியலிலிருந்து எடுத்து, தண்டத்தோடு முடியும் சிவில் விஷயமாக்கியது. தண்டத்தின் உச்சவரம்பும் 3 மடங்காகக் குறைந்தது. முதல் அவகாசத்துக்கு ரிசர்வ் வங்கி வாசலில் நிற்க வேண்டியதில்லை. வங்கியே ஒரு தடவைக்கு 6 மாதம் வரை தரலாம். காரணம் ஏற்றுமதியாளரின் கைமீறியது என்று வங்கிக்குத் திருப்தி வேண்டும். நீட்டித்த காலத்துக்குள் பணம் வரும் என்று அவர் எழுத்தில் உறுதி தர வேண்டும். அந்தப் பில்மேல் அமலாக்கத்துறை விசாரணை ஏதும் இருக்கக் கூடாது.

காகிதத்தின் இடத்தில் இடிபிஎம்எஸ் அமர்ந்திருக்கிறது. 2014 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிய இந்த மின்னணுப் பதிவுக்குச் சுங்கத்திலிருந்து ஷிப்பிங் பில் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். பணம் வந்ததும் வங்கி அதை அந்தப் பில்லோடு இணைக்க வேண்டும். இணைக்கும் வரை பில் திறந்தே கிடக்கும். அன்று பட்டியல் அரையாண்டுக்கு ஒருமுறை போனது. இன்று பட்டியலை எந்த நாளும் பார்க்கலாம், வங்கியிலிருந்து மின்னஞ்சலும் வந்துகொண்டே இருக்கும்.

இதனால் கடிதம் எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிட்டது. அன்று பணம் வரவில்லை என்றால் வரவில்லைதான். இன்று முதலில் கேட்பது, வரவில்லையா, வந்தும் சேர்க்கப்படவில்லையா என்பது. வாங்குபவர் மூன்று பில்களுக்குச் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பியிருப்பார். அவர் வங்கி தன் கட்டணத்தைக் கழித்திருக்கும். 24,000 வர வேண்டிய இடத்தில் 23,960 வந்து, மீதி 40 டாலர் நிலுவையாகத் தெரியும். இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். கணக்கில் வந்த அயல்நாட்டு வரவுகளை எடுத்து, திறந்திருக்கும் பில் எண்களோடு ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்தால் போதும். இப்படி இருந்தால் அவகாசம் கேட்பது தவறான கடிதம். வரவின் எண்ணையும் எந்தப் பில்லுக்கு எவ்வளவு என்ற பிரிவையும் தந்து, இணைத்துத் தாருங்கள் என்று கேட்பதே சரி. 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பில்களை ஏற்றுமதியாளரின் உறுதிமொழியின் பேரிலேயே வங்கி முடித்துக்கொள்ள 2025-இல் வழி பிறந்திருக்கிறது.

சுருங்கிய துணி வேறு வகை. அங்கே வாங்குபவர் 15 சதவீதம், அதாவது 3,600 டாலர், குறைக்கச் சொல்கிறார். ஒப்புக்கொண்டால் 20,400 வரும். இதற்கு அவகாசம் தேவையில்லை, மதிப்புக் குறைப்பே தேவை. வங்கி 25 சதவீதம் வரை அனுமதிக்கலாம். குறைந்த தொகைக்கு ஏற்பப் பெற்ற ஏற்றுமதிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். பேச்சு முடியவில்லை என்றால் மட்டுமே அவகாசம். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்பினால் வங்கி இரண்டையும் நிறுத்திவைக்கும்.

இந்த மாற்றத்தில் கிடைத்தது தெளிவானது: நீண்ட காலம், அருகிலேயே முடிவு, சிறைப் பயம் இல்லாமை. இழந்ததும் ஒன்று உண்டு. இன்று காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்திவிடலாம். சாம்பிள் கேட்டீர்களா என்று எதிரில் உட்கார்ந்து கேட்க ஆளில்லை. அந்தக் கேள்வியை ஏற்றுமதியாளரே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

படிவம் நிரப்பியபின்னும், ஷிப்பிங் பில் எண், கெடு நாள், நடந்தவற்றின் தேதி வரிசை, மின்னஞ்சல் பிரதிகள், எதிர்பார்க்கும் நாள் ஆகியவற்றோடு ஒரு பக்கக் கடிதத்தைக் கெடு முடியும் முன்பே அனுப்பி, வங்கி ஒப்புக்கொண்ட பதிலையும் கோப்பில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வங்கியில் அதிகாரி மாறுவார், ஆண்டு கழித்துத் தணிக்கை வரும். அப்போது திரையில் தெரிவது ‘நிலுவை’ என்ற சொல் மட்டுமே. ஏன் நிலுவை, அதற்கு இவர் என்ன செய்தார் என்பதை 1988-இல் போலவே இன்றும் அந்தக் கடிதம்தான் சொல்கிறது.