"ஓட்டைப் பல்லு!" என்று சொன்னால் பிள்ளை என்ன செய்ய வேண்டும்?



அந்தி நேரம் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு வருகிறோம். வாசலிலேயே பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறது. இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராக்காரர், "ஒங்க மகன் எங்க பிள்ளைய அடிச்சிட்டான்" என்று வந்து நிற்கிறார். விசாரித்தால் யாரோ கேலி செய்ததுதான் காரணம். அசதியிலே நாமும் "அழாதே, பேசாம இரு" என்போம். அல்லது "நீயும் திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே" என்போம். இந்த இரண்டுமே பிள்ளைக்கு உதவுவதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

கேலி செய்கிற பிள்ளை ஒரு வேடிக்கையைத் தேடுகிறது. முகம் சிவந்து அழுவதும், கல்லைத் தூக்கிக்கொண்டு துரத்துவதும்தான் அந்த வேடிக்கை. அது கிடைத்தால் நாளைக்கும் அதே இடத்தில் வந்து அதே சொல்லைச் சொல்லும். கிடைக்காவிட்டால் கொஞ்ச நாளில் அலுத்துப்போகும். ஆனால் "பேசாம இரு" என்று மட்டும் சொன்னால் சின்னப் பிள்ளைக்கு எப்படி இருப்பது என்று தெரியாது. கைக்கும் வாய்க்கும் செய்வதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

எமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் முதலாம் தரத்தில் படிக்கும் ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பள்ளிக்கூடம் போகும் வழியில் பீலிக்கரையில் நான்கு பிள்ளைகள் "ஓட்டைப் பல்லு, ஓட்டைப் பல்லு" என்று கத்துவார்கள். முதல் நாள் அழுதான். இரண்டாம் நாள் ஒருவனைத் தள்ளிவிட்டான், முழங்காலில் காயம். இரண்டு வீட்டுக்கும் சண்டை.

அவனுடைய அம்மா முதலில் செய்தது, அவனை மடியில் இருத்தி முழுக்கதையையும் கேட்டதுதான். "யாரு? எந்த எடத்துல? என்ன சொன்னாங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "அப்புடிச் சொன்னா ஒனக்கு வெக்கமாவும் கோவமாவும் இருந்திச்சு, இல்லையா?" என்றார். தன் மனசிலுள்ளதை அம்மா புரிந்துகொண்டார் என்று தெரிந்ததும் அவன் அழுகை தானாக அடங்கியது. அழும்போது புத்தி சொன்னால் பிள்ளையின் காதில் ஏறாது. அடங்கிய பிறகுதான் சொல்லிக்கொடுக்க முடியும்.

பிறகு மூன்று காரியம் சொல்லிக்கொடுத்தார்.

ஒன்று, மூச்சு. சுடுதேத்தண்ணியை ஊதி ஆற்றுவது போல, மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக ஊத வேண்டும். இரண்டு தடவை போதும். அந்தச் சில நொடியில் ஓங்கிய கை இறங்கிவிடும்.

இரண்டு, ஒரு சின்ன வசனம். நீளமாக இருந்தால் ஆத்திரத்தில் மறந்துபோகும். இந்தப் பையனிடமே "நீ என்ன சொல்லப்போற?" என்று கேட்டார்கள். விழுந்த பல்லைப் பாட்டி கூரையில் வீசியது அவனுக்கு ஞாபகம் வந்தது. "ஆமா, கூரையில போட்டிருக்கேன். புதுசு வந்துக்கிட்டிருக்கு" என்றான். வீட்டிலே எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவனே கண்டுபிடித்த பதில் என்பதால் மறக்கவும் இல்லை. சிரிப்பு வராத பிள்ளைக்கு, "சரி, இருக்கட்டும்" என்ற இரண்டு சொல்லே போதும்.

மூன்று, சொன்னவுடன் அந்த இடத்தை விட்டு நடக்க வேண்டும். நின்று அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு வளரும்.

இதை வாயால் சொன்னால் மட்டும் பிள்ளைக்கு வராது, விளையாடிப் பார்க்க வேண்டும். இராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிஷம் போதும். அந்த வீட்டில் முதலில் பையன் கேலி செய்கிறவன், அம்மா பதில் சொல்கிறவர். அம்மா எப்படி மூச்சு விடுகிறார், எந்தக் குரலில் பேசுகிறார் என்று அவன் பார்த்தான். அடுத்து இடம் மாறினார்கள். பழகும்போது உண்மையாக நோகிற சொல்லை முதல் நாளே எடுக்கக்கூடாது. "ஒன் மூக்கு வாழைப்பழம்" என்பது போன்ற பொய்க்கேலியில் தொடங்கி, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் "ஓட்டைப் பல்லு"க்கு வர வேண்டும். பிள்ளையின் கண் கலங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும். முதல் சில நாள் கேலி கூடலாம். வழக்கமாகக் கிடைத்த வேடிக்கை கிடைக்காததால், மற்றவர்கள் இன்னும் சத்தமாகக் கத்திப் பார்ப்பார்கள். பல பெற்றோர் "இது சரிவரல்ல" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். அந்தப் பையனுக்கும் அப்படித்தான் நடந்தது. ஒரு நாள் தாங்காமல் அழுதும்விட்டான். அம்மா திட்டவில்லை. "நேத்து நல்லா சொன்ன, நாளைக்கும் சொல்லிப் பாப்போம்" என்றார். அடுத்த வாரம், கத்தியவர்களில் ஒருவன் வாயைத் திறந்து தன்னுடைய ஆடுகிற பல்லைக் காட்டினான். அதோடு பேச்சு பல் ஆட்டத்துக்கு மாறிவிட்டது.

கவனிக்க வேண்டிய தவறு ஒன்று உண்டு. சிரிப்பாகப் பதில் சொல்வது வேறு, திருப்பிக் கேலி செய்வது வேறு. "நீ கருவாயன்", "ஒங்கப்பா குடிகாரன்" என்று சொல்லிக்கொடுத்தால் சண்டை முற்றும். சிரிப்பு தன்னைப் பற்றியதாகவோ, நடந்ததைப் பற்றியதாகவோ இருக்கலாம், அடுத்தவரைக் குத்தக்கூடாது. தன்னையே தாழ்த்திக்கொள்ளவும் பழக்கக்கூடாது. "ஆமா, நான் அசிங்கம்தான்" என்று பிள்ளை சொன்னால் அது மனசு நொந்த பேச்சு.

வயதையும் பார்க்க வேண்டும். பிள்ளை மடுவத்தில் இருக்கிற மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகிடிப் பதில் வராது. "எனக்குப் புடிக்கல்ல" என்று சொல்லிவிட்டுப் பொறுப்பாக இருக்கும் அக்காவிடம் போகப் பழக்கினால் போதும். ஐந்து ஆறு வயதில் சின்ன வசனம் வரும். சொந்தமாகப் பகிடி கட்டுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

எல்லாக் கேலிக்கும் இது மருந்தல்ல. அடித்தால், சாப்பாட்டைப் பறித்தால், பயமுறுத்தினால், பலர் சேர்ந்து நாள்தோறும் ஒரு பிள்ளையை வதைத்தால், சாதியையோ ஊனத்தையோ சொல்லி இழிவுபடுத்தினால், உடம்பைத் தொட்டால், "சிரிச்சிட்டுப் போ" என்று பிள்ளையிடம் சொல்லவே கூடாது. அது பெரியவர்கள் தலையிட வேண்டிய காரியம். ஆசிரியரிடமும், மற்றப் பிள்ளையின் பெற்றோரிடமும் அமைதியாகப் பேசுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்கலாம். காலையில் மட்டும் வயிற்றுவலி என்று சொல்வது, முன்பு இல்லாமல் புதிதாகப் படுக்கையில் சிறுநீர் போவது, கொண்டுபோன ரொட்டி அப்படியே திரும்பி வருவது, இவை தொடர்ந்தால் சும்மா விடாமல் மெதுவாக விசாரியுங்கள்.

கடைசியாக நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கருப்பி", "குண்டன்", "தெத்துப்பல்லு" என்று பிள்ளைக்கு முதல் பட்டப்பெயர் வைப்பது பல வீடுகளில் நாம்தான். ஆசையாகச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு நாம் சிரிக்கும்போது பிள்ளையும் சிரிக்கிறதா என்று பாருங்கள். சிரிக்கவில்லையென்றால் அந்தப் பெயரை இன்றைக்கே விட்டுவிடுவோம்.