ஆறாம் தேதியா, ஆறாம் மாதமா?

திருப்பூரில் ஒரு நடுத்தரமான பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கில் இருக்கும் பையருக்கு டி-ஷர்ட் தைத்து அனுப்புகிறது. சரக்கு போய் இறங்குவதோ ஜெர்மனியில், ஹாம்பர்க் பக்கம் இருக்கும் அந்தப் பையரின் கிடங்கில். ஆகவே இன்வாய்ஸோடு போகும் மின்னஞ்சலை இரண்டு ஊர்களில் படிப்பார்கள்: பணம் கொடுக்கிறவர்கள் நியூயார்க்கில், சரக்கை எண்ணி வாங்குகிறவர்கள் ஹாம்பர்க்கில். அனுப்பத் தயாராக இருக்கும் மின்னஞ்சலின் நடுப்பகுதி இது:

```
Invoice No. 118 dt. 06/05/2025
3600 pcs @ $3.43 = $12,330
Net wt. 612.500 kg, 60 ctns
Payment: 60 days, due 05/07/2025
```

எழுத்துப்பிழை எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் ஒரு சொல்லின் அடியிலும் சிவப்புக் கோடு போடாது. திருப்பூர்க் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆனாலும் நான்கு வரிகளில் ஒன்றுகூட இப்படியே போகக்கூடாது.

இரண்டாவது வரியிலிருந்து தொடங்கலாம். கால்குலேட்டரில் 3,600-ஐ 3.43-ஆல் பெருக்கினால் 12,348 வருகிறது. மின்னஞ்சல் 12,330 என்கிறது. 18 டாலர் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. பையர் கொடுத்த பர்சேஸ் ஆர்டரில் சரக்கு டஜன் கணக்கில் இருக்கிறது: 300 டஜன், டஜனுக்கு 41.10 டாலர். மொத்தம் 12,330. இன்வாய்ஸ் போட்டவர் அதைப் பீஸ் கணக்குக்கு மாற்றினார். 41.10-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 3.425. எக்செல் தாளில் அந்தக் கட்டம் இரண்டு தசம இடம் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்ததால் 3.43 என்று தெரிகிறது. உள்ளே இருப்பது என்னவோ 3.425-தான். எக்செல் உள்ளே இருக்கும் எண்ணைப் பெருக்கிச் சரியான மொத்தத்தைக் கொடுத்துவிட்டது. அச்சில் வந்தது மட்டும் வேறு விலை.

பையர் பக்கத்தில் பெரிய கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், ஆர்டர், கிடங்கின் வரவு, இன்வாய்ஸ் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பணத்தை விடும். அங்கே நம்முடைய எக்செல் இல்லை. அச்சில் உள்ள 3.43 மட்டுமே இருக்கிறது. பெருக்கினால் மொத்தம் இடிக்கிறது, ஆர்டர் விலையோடும் இடிக்கிறது. பில் ஒதுக்கி வைக்கப்படும். 18 டாலருக்காக 12,330 டாலர் காத்திருக்கும்.

இதனால்தான் இன்வாய்ஸைச் சரிபார்க்கும்போது எக்செலைத் திறந்து வைத்துக்கொள்வது உதவாது என்கிறேன். அது தன் கணக்கைத் தானே சரியென்று சொல்லும். அனுப்பப்போகும் பி.டி.எஃப்.-ஐத் திறந்து, அதில் கண்ணுக்குத் தெரியும் இலக்கங்களை மட்டும் கால்குலேட்டரில் தட்டிப் பெருக்க வேண்டும், கூட்ட வேண்டும். பையர் செய்யப்போவதும் அதுதான். விலைக்கு மூன்று தசம இடம் தேவையென்றால் மூன்றையும் காட்டலாம். அதைவிட நல்லது, ஆர்டர் எந்த அலகில் இருக்கிறதோ அதே அலகில் இன்வாய்ஸையும் போடுவது. டஜனில் கேட்டவருக்கு டஜனில் பில். பீஸ் எண்ணிக்கையும் வேண்டுமென்றால் பக்கத்தில் அடைப்புக்குள் இருக்கட்டும். விலை ஓர் அலகுக்கு மட்டும்.

மூன்று பீஸ் சேர்ந்த பாக்கெட், மேல்சட்டையும் கால்சட்டையும் சேர்ந்த செட் என்று வந்துவிட்டால் இன்னும் உஷார் தேவை. ஒரு தாளில் செட், இன்னொன்றில் பீஸ் என்று எழுதினால் எண்ணிக்கை இரட்டிப்பாகத் தெரியும், விலை பாதியாகத் தெரியும். பெருக்குத்தொகை மட்டும் சரியாக வந்து நம்மை ஏமாற்றும்.

அடுத்து எடை. 612.500 என்பது நம்மூர் எலெக்ட்ரானிக் தராசு காட்டும் முறை. கிலோ, புள்ளி, மூன்று இலக்கத்தில் கிராம். ஜெர்மனியில் புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் வேலை தலைகீழ். ஆயிரங்களைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. ஹாம்பர்க்கில் இருப்பவர் பழக்க தோஷத்தில் இதை ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ என்று படிக்கலாம். அறுபது அட்டைப்பெட்டியில் அறுநூறு டன் அடங்காது என்று அவருக்கும் தெரியும். சிரித்துவிட்டுச் சரியாகப் புரிந்துகொள்வார். ஆனால் அந்த வரியை மென்பொருளில் ஏற்றினால் அது சிரிக்காது. இதே சிக்கல் எதிர்த்திசையில் 12,330-க்கும் உண்டு. ஜெர்மன் கண்ணுக்கு அது பன்னிரண்டு டாலரும் முப்பத்து மூன்று சென்டும்.

இரண்டுக்கும் மருந்து எளிது. தனியாக நிற்கும் ஒரு பிரிப்புக் குறிக்குப் பின்னால் சரியாக மூன்று இலக்கம் வந்தால் குழப்பம் வரும். அந்த நிலையை உண்டாக்காமல் இருந்தால் போதும். 612.5 என்று எழுதினால் அது தசமம்தான், ஏனென்றால் ஆயிரத்தைப் பிரிக்க மூன்று இலக்கம் வேண்டும். 12,330.00 என்று கடைசி இரண்டு சுழியையும் விடாமல் எழுதினால் எது ஆயிரக் குறி, எது தசமக் குறி என்று அந்த எண்ணே சொல்லிவிடும். சுழிகளை வெட்டி அழகாக்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. ரூபாய் மதிப்பையும் அதே தாளில் காட்ட நேர்ந்தால், டாலருக்கு 85 என்ற கணக்கில் 10,48,050 என்று நம் வழக்கப்படி பிரிப்போம். வெளிநாட்டவருக்கு அது காற்புள்ளி இடம் மாறிய தவறாகத் தெரியும். அவருக்குப் போகும் பகுதியில் 1,048,050 என்றே இருக்கட்டும். எழுத்தில் எழுதும் தொகையிலும் லட்சம் வேண்டாம்.

எடையின் அளவு சரியா என்பதற்கு வேறொரு சோதனை இருக்கிறது. 612.5 கிலோவை 3,600-ஆல் வகுத்தால் பீஸுக்கு 170 கிராம். ஒரு டி-ஷர்ட்டை எடுத்துத் தராசில் வைத்தால் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். அமெரிக்கப் பையருக்காக யாராவது பவுண்டுக்கு மாற்றி, அலகை மாற்ற மறந்து 1,350 கிலோ என்று விட்டிருந்தால், வகுத்தவுடன் பீஸுக்கு 375 கிராம் வந்து நிற்கும். அது டி-ஷர்ட் எடையில்லை, குளிர்காலச் சட்டை எடை. எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால் இந்தப் பிழை பிடிபடாது, பொருளோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

நாணயக் குறியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டாலர் குறி அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை; கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாவற்றிலும் அதே குறிதான். ரூபாய்க்கு `Rs.` என்று போட்டால் அது இலங்கை ரூபாயாகவும் இருக்கலாம். சர்வதேச வழக்கில் உள்ள மூன்றெழுத்துக் குறியீடு, `USD`, `INR`, `LKR`, இந்தச் சந்தேகத்தை ஒழித்துவிடும். வளைகுடாவுக்குப் பில் போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம்: குவைத், பஹ்ரைன் தினார்களுக்கும் ஓமன் ரியாலுக்கும் மூன்று தசம இடம் முறையானது. அங்கே மூன்று இலக்கத்தை வெட்டக்கூடாது.

இனி தேதி. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் வைக்கிறார்கள். 06/05/2025 நமக்கு மே 6. நியூயார்க்கில் ஜூன் 5. மே மாதத்தில் கைக்கு வந்த பில்லில் ஜூன் தேதி இருந்தால், வருங்காலத் தேதி என்று மென்பொருள் அதைத் தள்ளிவிடலாம். அல்லது தவணையை ஜூன் 5-லிருந்து எண்ணி, ஆகஸ்ட் 4-ல் பணம் தரலாம். நாம் எதிர்பார்த்தது ஜூலை 5. முப்பது நாள் வட்டி யார் தலையில்? கெடு தேதியாக எழுதிய 05/07/2025-ஐ அவர்கள் மே 7 என்று படிப்பார்கள். பில் ஜூன் 5, கெடு மே 7. கவனமுள்ள குமாஸ்தாவாக இருந்தால் இந்த முரண்பாட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டு எழுதுவார். அது நம் அதிர்ஷ்டம்.

ஒவ்வொரு மாதமும் 13-ஆம் தேதியிலிருந்து இந்தத் தொல்லை தானாக நீங்கிவிடுகிறது, பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால். முதல் பன்னிரண்டு நாள்தான் ஆபத்து. அதிலும் 05/05 போல இரண்டு எண்ணும் ஒன்றான நாட்களைக் கழித்தால், ஆண்டுக்கு 132 நாள் இரண்டு விதமாகவும் படிக்கக்கூடிய தேதிகள். எக்செலிலும் இதே கோடுதான் பிரிக்கிறது. கம்ப்யூட்டரில் அமெரிக்கத் தேதி அமைப்பு இருந்தால், நாம் தட்டும் 06/05/2025-ஐ அது சத்தமில்லாமல் ஜூன் 5 என்று எடுத்துக்கொள்ளும். 26/05/2025 புரியாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இடப்பக்கம் நிற்பவை எழுத்து. வலப்பக்கம் நிற்பவைதான் மாறிப்போயிருக்கும்.

மாதத்தை எழுத்தில் எழுதினால் பிரச்சினை முடிந்தது. கோப்புப் பெயர்களுக்கு 2025-05-06 என்ற வடிவம் நல்லது. ஆண்டு, மாதம், நாள் என்ற அந்த வரிசையில் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். அறுபது நாள் என்று மட்டும் எழுதாமல் எதிலிருந்து அறுபது என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்டரில் கப்பல் ரசீதின் தேதியிலிருந்து என்று இருந்து, சரக்கு மே 10-ல் ஏறியிருந்தால், கெடு ஜூலை 5 அல்ல, ஜூலை 9.

இவையெல்லாம் பார்த்த பின்னும் ஒரு வகைப் பிழை மிச்சமிருக்கும். போன மாத மின்னஞ்சலை எடுத்து எண்களை மாற்றித்தான் பெரும்பாலான இன்வாய்ஸ் மின்னஞ்சல்கள் எழுதப்படுகின்றன. தலைப்பு வரியில் பழைய பில் எண், கோப்புப் பெயரில் பழைய தேதி, கடைசி வரியில் பழைய தொகை என்று எங்காவது ஒன்று தங்கிவிடும். புதிய எண்ணைத் தேடித் தேடிச் சரிபார்ப்பதைவிட, பழைய எண்களைத் தேடல் பெட்டியில் போட்டுப் பார்ப்பது விரைவு. எதுவும் அகப்படக்கூடாது.

பணம் வங்கிக் கடன் கடிதம் வழியாக வருவதென்றால் பிடி இன்னும் இறுகும். சர்வதேச வர்த்தக சபையின் விதிகளின்படி, 2007 முதல் நடைமுறையில் உள்ளவை இவை, இன்வாய்ஸ் கடன் கடிதத்தில் உள்ள அதே நாணயத்தில் இருக்க வேண்டும். ஓர் ஆவணத்தின் விவரம் இன்னோர் ஆவணத்தோடு முரண்படக் கூடாது. வங்கி டி-ஷர்ட்டைப் பார்ப்பதில்லை. தாளைத்தான் பார்க்கிறது.

திருத்திய மின்னஞ்சல்:

```
Invoice No. 118, 06 May 2025
300 doz (3600 pcs) @ USD 41.10/doz = USD 12,330.00
Net weight 612.5 kg, 60 cartons
Payment: 60 days from B/L date 10 May 2025, due 09 July 2025
```

பி.டி.எஃப்.-இலும் இதே வடிவம் இருக்க வேண்டும். உள்ளே 06/05/2025 என்று விட்டுவிட்டு மின்னஞ்சலை மட்டும் திருத்தினால், பையரின் மென்பொருள் படிப்பது பி.டி.எஃப்.-ஐத்தான். அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால், திருத்திய தாளை மட்டும் மறுபடி அனுப்பாதீர்கள். ஒரே எண்ணில் இரண்டு பில் வந்ததாக அங்கே நினைத்துக்கொள்வார்கள். எந்த வரி மாறியது, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, முன்னதை ரத்தாகக் கொள்ளவும் என்று மின்னஞ்சலின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.