ஒரு நானோ விநாடியில் நகரும் பூ

இளம்பிள்ளைச் சேலையில் பூ எங்கே விழ வேண்டும் என்பதை முடிவு செய்வது ஜக்கார்டு. ஒவ்வொரு ஊடைக்கும் எந்தப் பாவு நூல் எழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைதான் முன்பு சொல்லிவந்தது. 1983-ல் மிலான் கண்காட்சியில் போனாஸ் நிறுவனம் எலெக்ட்ரானிக் ஜக்கார்டைக் காட்டிய பிறகு, அட்டையின் வேலை மெல்ல மின்காந்தங்களின் கைக்கு மாறியது.

2688 கொக்கி உள்ள ஒரு ஜக்கார்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சிப்பிலிருந்து 2688 கம்பிகளை இழுக்க முடியாது. அதனால் 74HC595 போன்ற எட்டு பிட் சிப்புகளை வரிசையாகக் கோத்து (336 வேண்டும்), பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுவது ஒரு வழி. எல்லா ஜக்கார்டும் இப்படித்தான் என்றில்லை. விஷயத்தைப் பார்க்க இது எளிது. தள்ளும்போது வெளியே ஒன்றும் மாறாது. மின்காந்தங்கள் நடப்பு ஊடையின் வரிசையைப் பிடித்தபடி நிற்க, அடுத்த வரிசை உள்ளே நிரம்பும். கடைசியில் `latch` கம்பியில் ஒரு துடிப்பு ஏறினால் புதிய வரிசை மொத்தமாக வெளியே வரும்.

இந்தத் துடிப்பைத் தருவது கட்டுப்பாட்டுச் சிப்பில் உள்ள ஸ்டேட் மெஷின். அதன் நிலை மூன்று பிட்டில் இருக்கிறது: 010 பிட்டை வைக்கும், 011 தள்ளும், 100 எண்ணிக்கை முடிந்ததா என்று பார்க்கும், 110 வந்தால் `latch`. நிலை 110-ஆ என்று ஒரு கேட் பார்த்து, விடையை நேராக வெளிக் கம்பிக்கு அனுப்புகிறது. தாளில் இதில் பிழையே இல்லை.

ஆனால் 011-லிருந்து 100-க்குப் போகையில் மூன்று பிட்டும் மாற வேண்டும். மூன்றும் ஒரே கணத்தில் கேட்டுக்குப் போய்ச் சேராது. கடைசி பிட் முதலில் விழுந்தால் 010. அடுத்து முதல் பிட் எழுந்தால் 110! நடு பிட் விழுந்த பிறகுதான் 100. இடையில் ஒரு நானோ விநாடி, இரண்டு நானோ விநாடி, யாரும் கேட்காத `latch` துடிப்பு ஒன்று வெளியே போய்விடுகிறது. இதுதான் கிளிட்ச். சிப்புக்குள்ளேயே, அதே கடிகாரத்தில் ஓடும் ஃபிளிப்-ஃபிளாப்பின் தரவு முனைக்கு இது போயிருந்தால் கேடில்லை. அடுத்த கடிகார விளிம்புக்குள் அடங்கிவிடும். `latch` அப்படியல்ல. அந்த முனையில் எப்போது விளிம்பு வந்தாலும் 595 அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆயிரமாவது பிட்டில் இது நடந்தால், வரிசையின் ஒரு பக்கம் புதிய ஊடையும், மீதியில் ஆயிரம் இடம் தள்ளிப்போன பழைய ஊடையும் வெளியே வரும். பூ பக்கவாட்டில் நகரும். இவ்வளவு குறுகிய துடிப்பைப் பிடிப்பதாக எந்த 595-ம் உத்தரவாதம் தருவதில்லை. பிடிக்காது என்றும் தருவதில்லை. 336-ல் சில மாறும், சில மாறாது. காலையில் சரியாக ஓடியது, சூடேறிய மதியத்தில் தவறும்.

கண்டுபிடிப்பதும் எளிதல்ல. தாமதமே இல்லாத சிமுலேஷனில் இது தெரியாது. விநாடிக்கு 2.4 கோடி முறை பார்க்கும் மலிவு லாஜிக் அனலைசர் சுமார் 42 நானோ விநாடிக்கு ஒருமுறைதான் கண் திறக்கிறது. குறுகிய துடிப்பில் ட்ரிகர் ஆகும் வேகமான ஆஸிலோஸ்கோப் வேண்டும். அதன் முனையைத் தொட்டதுமே, கூடுதல் மின்தேக்கத்தால் கிளிட்ச் மறைந்துவிடுவதும் உண்டு.

தீர்வு ஒரே ஒரு ஃபிளிப்-ஃபிளாப்.

```verilog
always @(posedge clk) begin
  state <= next;
  latch <= (next == 3'b110);
end
```

இப்போது வெளிக் கம்பியைத் தொடுவது கேட் அல்ல, ஃபிளிப்-ஃபிளாப். அது கடிகார விளிம்பில் மட்டுமே தன் உள்ளீட்டைப் பார்க்கும். 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் விளிம்புக்கு விளிம்பு 100 நானோ விநாடி. கேட்டுகளின் குழப்பம் அதில் முதல் இருபதுக்குள் தீர்ந்துவிடும். `state`-க்குப் பதில் `next`-ஐப் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு: நிலை 110 ஆகும் அதே விளிம்பில் `latch` ஏறும். `state`-ஐப் பார்த்தால் ஒரு கடிகாரம் பிந்தும்.

ஒவ்வொரு அடியிலும் ஒரே பிட் மாறும் கிரே குறியீடு போதாதா என்று சிலர் கேட்பார்கள். பாதை நேராக இருக்கும்வரை போதும். ஓரிடத்தில் கிளை பிரிந்து திரும்பினால் அந்த ஒழுங்கைக் காப்பது கடினம். இந்த வேலைக்கு ஃபிளிப்-ஃபிளாப்பே மலிவு.

ஆனால் தறியின் சென்சார் போல, கடிகாரத்தோடு ஒட்டாமல் வரும் சமிக்ஞை `next`-ஐ நேராகத் தொட்டால், விளிம்பருகே அது மாறும்போது இந்தக் காவலும் ஏமாறும். அதை முதலில் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் வழியாக உள்ளே எடுங்கள். மின்சாரம் வந்து, சிப் விழித்தெழும்வரை `latch` கம்பி அந்தரத்தில் மிதக்கும். அதைத் தரையோடு இணைக்க ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வைத்துவிடுங்கள்.