அவுரி அழிந்தபோது நட்டம் யாருக்கு?

புதுத் தொழில்நுட்பம் பழைய தொழிலை அழித்துத்தான் பொருளாதாரத்தை வளர்க்கிறது. 1942இல் ஷும்பீட்டர் இதைப் 'படைப்பாக்க அழிவு' என்றார். சரிதான். ஆனால் அழிவின் நட்டத்தை யார் சுமந்தார் என்றும் பார்க்க வேணும் என்பேன் நான்.

ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எவ். கம்பனி 1897இல் செயற்கை நீலச் சாயத்தை விற்கத் தொடங்கியது. அவுரிச் செடியின் சாயம் அறுவடைக்கு அறுவடை தரம் மாறும். ஆலைச் சாயம் எப்போதும் ஒரே தரம், விலையும் குறைந்துகொண்டே வந்தது. துணிக்காரர் எதை வாங்குவார்? அதே கம்பனி, வளர்த்தெடுத்த வேதியியலைக் கொண்டு 1913இல் காற்றின் நைதரசனிலிருந்து அமோனியாவும் செய்தது. இன்றைய பசளை அந்த வழியில் வந்ததுதானே.

மறுபக்கம் பீகாரின் சம்பாரண். அங்கே குடியானவர் தம் நிலத்தில் இருபதில் மூன்று பங்கு கட்டாயமாக அவுரி போட வேண்டும். அவுரி விலை போகாமல் போகவே, தோட்டத் துரைமார் அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவிப்பதாகச் சொல்லிக் குத்தகையைக் கூட்டினார்கள். சிலரிடம் மொத்தமாகக் காசு பறித்தார்கள். ஆக, சந்தையில் தோற்றவர் ஒருவர், நட்டம் கட்டியவர் இன்னொருவர். இதைப் பத்திரிகையில் எழுதியவர்களுள் பீர் முஹம்மது மூனிஸும் ஒருவர். 1917இல் காந்தி போய் விசாரித்தார். மறுவருஷம் சட்டம் வந்தது. பறித்த காசில் திரும்பி வந்தது கால்வாசி.