சார்ஜ் ஏறாத டோர்ச்சும் குற்றமற்ற வயரும்

சில்லறை வியாபாரிக்கு விற்ற பொருள் திரும்பி வருவது இரட்டை நட்டம். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளரின் நம்பிக்கையும் குறைந்துவிடும். கொம்பனித்தெருவில் சிறு மின்சாதனங்கள் விற்கும் எனது கடைக்கு டோர்ச், புளூடூத் ஸ்பீக்கர், கையடக்க மின்விசிறி என்று திரும்பி வருபவற்றில் பலவற்றுக்கு ஒரே முறைப்பாடுதான்: "சார்ஜ் ஏறவில்லை." சோதித்துப் பார்த்தால் பெட்டரி நல்லது, சார்ஜர் நல்லது, வயரும் நல்லது. மூன்றும் நன்றாக இருந்தும் ஏன் சார்ஜ் ஏறவில்லை என்பதைத் தெரிந்து வைத்திருப்பது, இத்தகைய பொருட்களை வாங்கி விற்கும் நம் எல்லோருக்கும் பயன்படும்.

ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன். அண்மையில் ஓர் இளைஞர் என்னிடம் ஒரு டோர்ச் வாங்கிச் சென்றார். டைப்-சி சொக்கட் உள்ளது. பெட்டிக்குள் ஒரு குட்டை வயரும் இருந்தது. இரண்டு நாளில் திரும்பி வந்தார்.

"நானா, எங்கட வீட்டுச் சார்ஜர்ல போன் நல்லா ஏறுது. இது மட்டும் ஏறுதில்ல."

"எந்த வயர்ல போட்டீங்க தம்பி?"

"போனோட வந்த வயர்லதான்."

அந்த வயரின் இரண்டு முனையும் டைப்-சி. சார்ஜரும் டைப்-சி சொக்கட் உள்ளது. அவருடைய சார்ஜரையும் வயரையுமே வாங்கி டோர்ச்சில் மாட்டினேன். விளக்கு எரியவில்லை. பிறகு கடையில் கிடந்த பழைய சார்ஜரில், பெட்டியோடு வந்த குட்டை வயரை மாட்டினேன். உடனே சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த வயரின் ஒரு முனை பழைய அகலமான டைப்-ஏ, மறு முனை டைப்-சி. வித்தியாசம் அவ்வளவுதான்.

காரணம் என்ன?

பழைய டைப்-ஏ சொக்கட் எப்போதும் திறந்திருக்கும் குழாய் போன்றது. எதிரில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்காமல் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். டைப்-சி சார்ஜர் அப்படியல்ல. அது மூடிய குழாய். மறு பக்கத்தில் மின்சாரம் கேட்கும் ஒரு சாதனம் இருக்கிறது என்று அறிந்த பிறகுதான் திறக்கும்.

அந்த அறிவிப்பைச் செய்வது, சாதனத்தின் உள்ளே சொக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இரண்டு சிறிய தடையிகள். ஒவ்வொன்றும் 5,100 ஓம். டைப்-சி பிளக்கை எந்தப் பக்கமாகவும் மாட்டலாம் என்பதால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தேவை. சாதாரண வயரில் சார்ஜர் இவற்றில் ஒன்றைக் கண்டால் 5 வோல்ட் கொடுக்கும். ஒன்றையும் காணாவிட்டால் ஒன்றும் கொடுக்காது. மலிவு டோர்ச்சுகளையும் ஸ்பீக்கர்களையும் செய்பவர்களில் சிலர், செலவைக் குறைக்க இந்தத் தடையிகளை விட்டுவிடுகிறார்கள். பழைய சொக்கட்டைக் கழற்றிவிட்டு டைப்-சி சொக்கட்டை வைத்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. டைப்-ஏ சார்ஜரில் அது ஏறிவிடுவதால் குறை வெளியில் தெரிவதில்லை.

சிலர் ஒரு தடையியை மட்டும் வைப்பார்கள். அப்போது பிளக்கை ஒரு பக்கமாக மாட்டினால் ஏறும், புரட்டி மாட்டினால் ஏறாது. "சில நேரம் ஏறுது, சில நேரம் ஏறுதில்ல" என்று ஒருவர் சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பெயர் பெற்றவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 2019இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற பிரித்தானியச் சிறு கணினியில், இரண்டு தடையிகளுக்குப் பதிலாக இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒன்றையே வைத்திருந்தார்கள். சாதாரண வயர்களில் அது வேலை செய்தது. உள்ளே சிப் உள்ள தரமான சில வயர்களில் வேலை செய்யவில்லை. பிறகு வந்த பதிப்பில் திருத்தினார்கள்.

முன்பு எல்லா வீட்டிலும் டைப்-ஏ சார்ஜரே இருந்ததால் இந்தக் குறை மறைந்திருந்தது. இப்போது போன்களோடு இரு முனையும் டைப்-சி ஆன வயர் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கப்படும் போன், மின்நூல் வாசிப்பான், கையடக்க ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு டைப்-சி கட்டாயம் என்று ஆக்கியது. அந்தப் பட்டியலில் டோர்ச் இல்லை. எனவே சொக்கட்டின் வடிவத்தை மட்டும் வைத்து உள்ளே இருப்பதை நம்ப முடியாது.

வாங்கும்போதும் விற்கும்போதும்

புறக்கோட்டையில் மொத்தமாக எடுக்கும் முன் ஒரு மாதிரியைச் சோதியுங்கள். பையில் ஒரு டைப்-சி சார்ஜரும், இரு முனையும் டைப்-சி ஆன வயரும் இருந்தால் போதும். பொருளில் மாட்டிப் பாருங்கள், பிளக்கைப் புரட்டியும் மாட்டிப் பாருங்கள். இரண்டு தடவையும் விளக்கு எரிந்தால் தடையிகள் சரி. எரியாவிட்டால் பொருள் கெட்டது என்று அர்த்தமில்லை. டைப்-ஏ வயரில் மட்டும் ஏறும் பொருள் அது. விலையை அதற்கேற்பப் பேசலாம்.

விற்கும்போது பெட்டியோடு வந்த வயரைத் தனியே எடுத்துக் காட்டி, "இந்த வயரில்தான் ஏறும்" என்று சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளரிடம் டைப்-சி சார்ஜர் மட்டுமே இருந்தால், போனில் பென் டிரைவ் மாட்ட உதவும் சிறிய ஓ.டி.ஜி. இணைப்பியைச் சார்ஜரில் செருகி, அதில் இந்தக் குட்டை வயரை மாட்டலாம். முறையாகச் செய்த இணைப்பிக்குள் அந்தத் தடையி இருப்பதால் சார்ஜர் திறந்துகொள்ளும். அந்த இளைஞருக்கும் இதைத்தான் கொடுத்தனுப்பினேன். திருத்துபவரிடம் கொடுத்து இரண்டு தடையிகளை ஒட்டவும் முடியும். விலை கூடிய ஸ்பீக்கருக்கு அது தகும். டோர்ச்சுக்குக் கூலி கட்டாது.

65 வாட் சார்ஜரில் சிறிய பொருளை மாட்டினால் எரிந்துவிடுமோ என்று பலர் கேட்கிறார்கள். முறையான டைப்-சி சார்ஜர் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். சாதனம் கேட்டால் மட்டுமே மேலே போகும். ஆகவே அந்தப் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டிய இடம்

பயம் வேண்டியது வட்டமான ஊசி பிளக் உள்ள பழைய டோர்ச்சுகளிலும் விளக்குகளிலும்தான். அங்கே கேள்வி பதில் கிடையாது. 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பிளக் வரலாம். சில மலிவு டோர்ச்சுகளில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பகுதி டோர்ச்சுக்குள் இல்லை, அதன் சொந்தச் சார்ஜருக்குள் இருக்கிறது. ஒரு லித்தியம் பெட்டரி 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். அத்தகைய டோர்ச்சில் 12 வோல்ட் சார்ஜரை மாட்டினால் பெட்டரி வீங்கலாம், தீயும் பிடிக்கலாம். ஆகவே இவற்றின் சார்ஜரைப் பிரித்து விற்காதீர்கள். பொருளிலும் சார்ஜரிலும் ஒரே இலக்கத்தை எழுதி ஒட்டி, சேர்த்தே கொடுங்கள். சார்ஜர் தொலைந்துவிட்டது என்று வருபவருக்கு, பொருளில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஊசியின் நடுப்பகுதி கூட்டலா கழித்தலா என்பதையும் பார்த்த பிறகே வேறொன்றைக் கொடுங்கள். எழுத்து அழிந்திருந்தால் கொடுக்காமல் விடுவதே மேல்.

மின்நூல் வாசிப்பான்களில் முறைப்பாடு வேறு விதம். கிண்டில் பேப்பர்வைட் 2021இல்தான் டைப்-சிக்கு மாறியது. அதற்கு முந்தியவை மைக்ரோ யூ.எஸ்.பி. சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கணினியில் மாட்டினால் தெரியவில்லை என்பார்கள். டோர்ச்சோடு வந்த மலிவு வயரில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பி மட்டுமே இருக்கும், தகவல் செல்லும் கம்பிகள் இருக்காது. நான்கு கம்பியும் உள்ள வயரைக் கொடுத்தால் காரியம் முடிந்தது. இரண்டு வகை வயரையும் ஒரே பெட்டியில் போட்டு வைக்காமல், தனித்தனியாக வைத்து விற்பது நல்லது.