படத்தில் எட்டிப்பார்த்த மைக்கை எடுப்பது எப்படி?

பள்ளி அறிவியல் விழாவுக்காக ஒரு நேர்காணலைப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி தன் ஆய்வை விளக்குகிறார். கேமரா முக்காலியில் அசையாமல் நிற்கிறது. நீண்ட கழியின் நுனியில் மைக்கைத் தூக்கிப் பிடித்திருந்த நண்பருக்குக் கை வலித்துவிட்டது போலும். எட்டாவது வினாடியில் மைக் படத்தின் மேல்விளிம்பில் இறங்கி, ஒன்றரை வினாடி ஆடிவிட்டு மறைகிறது. விளக்கமோ அருமையாக வந்திருக்கிறது. மறுபடியும் பேசச் சொல்ல மனமில்லை.

படத்தைப் பெரிதாக்கி மேற்பகுதியை வெட்டலாம். ஆனால் 1080 புள்ளி உயரமுள்ள படத்தில் மைக் 130 புள்ளி வரை இறங்கியிருந்தால், ஏறக்குறைய 14 விழுக்காடு பெரிதாக்க வேண்டும். படம் மங்கும், பக்கங்களும் பறிபோகும்.

இதைவிட நல்ல வழி உங்கள் காணொளியிலேயே இருக்கிறது. மைக் மறைத்தது மாணவியை அல்ல, அவருக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான். அதே சுவர் நான்காவது வினாடியில் மைக் இல்லாமல் பதிவாகியிருக்கிறது. கேமரா நகராததால் ஒவ்வொரு புள்ளியும் அதே இடத்தில் இருக்கும். அந்தச் சுவரை எடுத்து இங்கே ஒட்டினால் போதும்.

வினாடிக்கு 30 படங்கள் என்றால், மைக் 240ஆம் படம் முதல் 284 வரை தெரிகிறது. முன்னும் பின்னும் ஐந்து படங்கள் கூட்டி, 235 முதல் 289 வரை ஒட்டுவோம். DaVinci Resolve போன்ற மென்பொருளில், 115 முதல் 169 வரையிலான மைக் இல்லாத பகுதியை நகலெடுத்து, மேல் தடத்தில் 235இல் தொடங்குமாறு வையுங்கள். நகலின் ஒலியை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் மாணவி இரட்டைக் குரலில் பேசுவார். பிறகு நகலில் மேலிருந்து 180 புள்ளி மட்டும் தெரியும்படி மீதியை மறைக்க வேண்டும். `Crop Bottom` அளவை 900 ஆக்கினால் அது நடக்கும். `Softness` மூலம் வெட்டிய விளிம்பைச் சற்றுக் கரைத்துவிட்டால் கோடு தெரியாது. மாணவியின் தலை 260 புள்ளிக்குக் கீழே இருப்பதால் அதற்கு ஆபத்தில்லை.

மைக் இல்லாத ஒரே ஒரு படத்தை உறையவைத்து ஒட்டினால் என்ன என்று கேட்பீர்கள். செய்து பாருங்கள், மேற்பகுதி மட்டும் உயிரற்றுத் தெரியும். கேமராவின் உணரியில் ஒளித்துகள்கள் ஒரே சீராக விழுவதில்லை. அதனால் வெறுஞ்சுவரில்கூட நுண்ணிய புள்ளிகள் படத்துக்குப் படம் மாறி மினுக்கும். உறைந்த ஒட்டில் அந்த மினுக்கம் நின்றுவிடுகிறது. நம் கண்ணோ இதைச் சட்டென்று பிடித்துவிடும். ஓடும் காணொளியையே ஒட்டினால் இந்தச் சிக்கல் இல்லை.

இங்கே 120 படங்கள் தள்ளி எடுத்ததிலும் ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. பழைய குழல்விளக்குகள் அதில் வினாடிக்கு 100 முறை மினுக்கும். 30 படங்கள் எடுக்கும் கேமராவில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே விளக்கு மூன்றேகால் அல்ல, சரியாக மூன்றே மூன்றில் ஒரு பங்கு முறை மினுக்கியிருக்கும். ஆகவே மூன்று படங்களுக்கு ஒருமுறைதான் வெளிச்சம் பழைய நிலைக்கு வரும். ஒட்டை மூன்றின் மடங்காக நகர்த்தினால் வெளிச்சம் பொருந்தும். 121 படம் நகர்த்தினால் மேற்பகுதி தனியாகத் துடிக்கும். மின்சாரத்தின் வேகம் சற்றே அலையும் என்பதால், ஒட்டை மிகத் தொலைவிலிருந்து எடுக்காதீர்கள். கேமராவின் திறப்பு நேரம் 1/50 அல்லது 1/100 வினாடியாக இருந்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

பொருத்தம் சரியா என்று கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நகலின் `Composite Mode` என்பதை `Difference` ஆக்குங்கள். இரண்டு படங்களுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் மிஞ்சும். மைக் இருக்கும் இடம் பளிச்சென்று தெரிய, மற்ற இடம் கறுப்பாக, சிறு மினுக்கத்தோடு இருந்தால் நல்லது. வெண்பலகையின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடுகள் தெரிந்தால் முக்காலி அசைந்திருக்கிறது. நகலை ஓரிரு புள்ளி நகர்த்திச் சரிசெய்யலாம். முழுவதும் சாம்பல் பூத்திருந்தால், கறுப்பு மைக் உள்ளே வந்ததும் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறது. நகலின் வெளிச்சத்தையும் அவ்வளவே கூட்டுங்கள். பார்த்து முடித்ததும் `Normal` நிலைக்குத் திரும்ப மறக்காதீர்கள்.

நம் வகுப்பறைகளில் இன்னொரு வில்லன் உண்டு: மேலே சுழலும் மின்விசிறி. மறைப்பின் விளிம்பு அதன் நடுவே போனால் இறக்கை இரண்டாக முறிந்து தெரியும். விசிறி முழுவதும் ஒட்டுக்குள் இருக்கட்டும், அல்லது முழுவதும் வெளியே இருக்கட்டும்.

மாணவி கையை உயர்த்தி, மைக் இருந்த பகுதிக்குள் கொண்டுபோயிருந்தால் நேரான மறைப்பு உதவாது. கையைச் சுற்றி மறைப்பை வரைந்து, படம் படமாக நகர்த்த வேண்டும். 45 படங்கள் என்றால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். மைக்கின் நிழல் முகத்தில் விழுந்திருந்தால் எந்த ஒட்டும் பயன்படாது, ஏனென்றால் அதே முகபாவனை வேறெந்தப் படத்திலும் இல்லை.