பட்டைக் கரைக்கும் ப்ளீச்

கம்பளியும் பருத்தியும் கலந்த துணியில் கம்பளி எத்தனை சதவீதம் என்று கண்டுபிடிக்கத் துணிச் சோதனைக்கூடங்களில் ஒரு முறை உண்டு. துணித்துண்டை எடைபோட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் போட்டு 40 நிமிடம் குலுக்குவார்கள். கம்பளி முழுக்கக் கரைந்துவிடும், பருத்தி மட்டும் மிஞ்சும். அதைக் கழுவி உலர்த்தி எடைபோட்டால் கணக்கு கிடைத்துவிடும். கம்பளிக்குப் பதில் பட்டு இருந்தாலும் இதே கதிதான். வெள்ளைத் துணி வெளுக்கக் கடையில் விற்கும் குளோரின் ப்ளீச்சிலும் இருப்பது இதே ஹைப்போகுளோரைட். வலிமையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பருத்தி பிழைத்துக்கொள்வதற்கும் பட்டு கரைவதற்கும் காரணம், இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதே. பருத்தி நூல் செல்லுலோஸ். சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த சங்கிலி அது. பட்டும் கம்பளியும் புரதம். பட்டில் இருப்பது ஃபைப்ரோயின். கம்பளியில் இருப்பது நம் தலைமுடியில் உள்ள அதே கெரட்டின். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் நைட்ரஜன் உண்டு. செல்லுலோஸில் அது இல்லை. குளோரின் அந்த நைட்ரஜனைப் பற்றிக்கொண்டு சங்கிலியை அறுக்கிறது. கம்பளியில் இன்னொரு சேதமும் நேர்கிறது. சங்கிலிகளைப் பக்கவாட்டில் இணைத்து நூலுக்கு உறுதி தரும் கந்தகப் பாலங்களும் உடைகின்றன. ப்ளீச் கடுமையான காரத்தன்மை உடையது என்பதால், அறுந்த துண்டுகள் அந்த நீரிலேயே கரைந்துபோகின்றன.

கரைவதற்கு முன்பு வருவது மஞ்சள். வெண்பட்டு வேட்டியில் காபி சிந்திவிட்டது, அந்த இடத்தில் ப்ளீச்சைத் தொட்டு வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காபிக் கறை மங்கும். ஆனால் அதைச் சுற்றி மஞ்சள் படரும். பட்டில் உள்ள டைரோசின் போன்ற அமினோ அமிலங்கள் குளோரினோடு வினைபுரிந்து நிறமுள்ள பொருள்களாக மாறுவதே காரணம். அந்த மஞ்சள் மேலே படிந்த கறை அல்ல, சிதைந்த நூலின் சொந்த நிறம். அதைக் கறையென்று நினைத்து மறுபடி ப்ளீச் வைத்தால் நூல் வலுவிழக்கும். அடுத்த துவைப்பில் அங்கே ஓட்டை விழும். மஞ்சள் தெரிந்த உடனே செய்ய வேண்டியது, நிறையத் தண்ணீரில் அலசுவது மட்டுமே. காரத்தை முறிக்கலாம் என்று வினிகரையோ எலுமிச்சையையோ ஊற்றவே கூடாது. அமிலம் பட்டால் ப்ளீச்சிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும்.

ஆக்சிஜன் ப்ளீச்சில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. கறையின் நிறத்தை அது சிதைக்கும். ஆனால் புரதச் சங்கிலியைக் குளோரின் அளவுக்குத் தாக்காது. பட்டு ஆலைகளிலேயே நூலை வெளுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், காரத்தன்மையையும் சூட்டையும் கவனமாகக் கட்டுப்படுத்தி.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் ஆக்சிஜன் ப்ளீச் பொடி பெரும்பாலும் சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் போட்டால் அது பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். வெந்நீரும் சலவைச் சோடாவும் பருத்திக்கு நல்ல கூட்டணி. 40 முதல் 60 டிகிரி சூட்டில் பருத்தி அருமையாக வெளுக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் அதே காரமும் சூடும் சேர்ந்து கேடு செய்யும். ‘நிறத்துக்குப் பாதுகாப்பானது’ என்று எழுதிய பாக்கெட்டிலேயே, பட்டிலும் கம்பளியிலும் பயன்படுத்தாதீர்கள் என்று பின்பக்கம் சிறு எழுத்தில் இருப்பது இதனால்தான்.

சாயம் போடாத, ஜரிகை இல்லாத வெண்பட்டில் கறை எடுக்க வேண்டுமானால் மருந்துக்கடை பெராக்சைடு போதும். 3 சதவீதக் கரைசலில் ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு குளிர்ந்த நீர் சேருங்கள். பாட்டிலில் 6 சதவீதம் என்றிருந்தால் தண்ணீரை இரட்டிப்பாக்குங்கள். முதலில் மடிப்பின் உள்ளே ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் வாளியில் அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். இரும்பு வாளி கூடாது, துணியில் துருக்கறையும் இருக்கக் கூடாது. இரும்பு பட்ட இடத்தில் பெராக்சைடு கட்டுக்கடங்காமல் வேலை செய்து நூலை அரித்துவிடும்.

துணி அசல் பட்டா என்ற சந்தேகம் வந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கிண்ணத்தில் சிறிது குளோரின் ப்ளீச் ஊற்றிப் போட்டுப் பாருங்கள். பருத்தியும் பாலியஸ்டரும் அப்படியே கிடக்கும். நூல் மஞ்சளாகிக் கொழகொழத்துக் கரைந்தால், அந்தத் துணியின் பக்கத்திலேயே குளோரின் ப்ளீச்சைக் கொண்டுபோகாதீர்கள்.